தலை வெளியே வந்தும் தோள் வராத நிமிடங்கள்: பிரசவ அறையில் என்ன நடக்கிறது?

பிரசவ அறையில் குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டால், கடினமான கட்டம் முடிந்துவிட்டது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அடுத்த வலியில் தோள்களும் உடலும் எளிதாக வந்துவிடும். ஆனால் சில பிரசவங்களில் தலை மட்டும் வந்து, தோள் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்று அழைக்கின்றனர். தமிழில் இதைத் 'தோள் சிக்கல்' எனலாம்.

நூறு சுகப்பிரசவங்களில் ஒன்றிலோ அதற்கும் குறைவாகவோ நேரும் நிலை இது. எனினும், எந்தப் பிரசவத்தில் நேரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. நேர்ந்துவிட்டால், கையில் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்களில் இழுப்பதும் வயிற்றை அழுத்தித் தள்ளுவதும் இயல்பாகவே தோன்றும் செயல்கள்; குழந்தைக்கு அதிகத் தீங்கு விளைவிப்பவையும் அவையே. இதன் காரணத்தையும், மருத்துவக் குழு பின்பற்ற வேண்டிய வரிசை முறையையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

தோள் எங்கே சிக்குகிறது?

தாயின் இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. அதன் முன்பகுதியில், அடிவயிற்றுக்குக் கீழே கைவைத்தால் உணரக்கூடிய கெட்டியான எலும்பு பூப்பெலும்பு. பின்பகுதியில் முதுகுத்தண்டின் கீழ்முனை எலும்பு உள்ளது. இந்த வளையத்தின் நுழைவாயிலில் முன்பின் அளவைவிடக் குறுக்கு மற்றும் சாய்வு அளவுகள் அதிகம். ஆகவே, வழக்கமான பிரசவத்தில் குழந்தையின் தோள்கள் சற்றுச் சாய்வாக உள்ளே நுழைந்து, பின்னர் திரும்பி வெளியே வருகின்றன.

தோள்கள் சாய்வாக நுழையாமல் நேர் முன்பின்னாக நின்றுவிட்டால், முன்பக்கத் தோள் பூப்பெலும்பின் மேல் தட்டி நிற்கும். அரிதாக, பின்பக்கத் தோள் முதுகுத்தண்டின் கீழ்முனை எலும்பின் முகட்டில் தட்டுவதும் உண்டு. எப்படியாயினும், தடையாக இருப்பது எலும்பு. தசையோ தோலோ அல்ல. ஒரு மேசையைக் கதவு வழியே கொண்டுசெல்லும்போது அதன் கால் நிலையில் மாட்டிக்கொண்டால், பலமாக இழுப்பதால் பயனில்லை. மேசையைச் சற்றுத் திருப்ப வேண்டும். தோள் சிக்கலில் மேற்கொள்ளப்படும் ஒவ்வொரு செய்முறையும் இந்த ஒரே அடிப்படையில் அமைந்ததுதான். ஒன்று, தாயின் இடுப்பின் கோணத்தை மாற்ற வேண்டும். அல்லது குழந்தையின் தோள்களின் நிலையையோ அகலத்தையோ மாற்ற வேண்டும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

தலை வெளியே வந்துவிட்டாலும் குழந்தையால் அப்போது மூச்சுவிட இயலாது. மார்பு இன்னும் பிறப்புப் பாதையில் இறுகியிருப்பதால் நுரையீரல் விரிய இடமில்லை. அதே நேரத்தில், தொப்புள் கொடியும் குழந்தையின் உடலுக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் இடையே நசுங்கக்கூடும். அதாவது, பழைய வழியில் வந்த ஆக்சிஜன் குறைகிறது. புதிய வழி இன்னும் திறக்கவில்லை.

ஹாங்காங்கில் மேற்கொள்ளப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, தலை பிறந்த நேரத்துக்கும் உடல் பிறந்த நேரத்துக்கும் இடையிலான இடைவெளியைக் கணக்கிட்டது. இடைவெளி 5 நிமிடத்துக்குள் இருந்தபோது, ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 0.5 சதவீதம் மட்டுமே. 5 நிமிடம் அல்லது அதற்கு மேல் ஆனபோது அது 23.5 சதவீதமாக உயர்ந்தது.

இந்த எண்ணிக்கை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தாமதிக்க நேரமில்லை என்பது முதலாவது. பதற்றத்தில் குழந்தையைப் பிடித்து இழுக்க வேண்டிய அளவுக்கு அவகாசம் குறைவாகவும் இல்லை என்பது இரண்டாவது. பயிற்சி பெற்ற குழுவுக்கு, முறையான படிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயல இந்த நேரம் பெரும்பாலும் போதுமானது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கல் ஏற்பட்டிருப்பது, தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பது, குழந்தையின் எடை மிக அதிகமாக இருப்பது, தாயின் உடல் பருமன் ஆகியவை பிரசவத்துக்கு முன்பே தெரியவரும் ஆபத்துக் காரணிகள். வலி தொடங்கிய பின்னர், பிரசவம் நீண்டுகொண்டே போவது, இடையில் முன்னேற்றம் நின்றுவிடுவது, வலியை அதிகரிக்க ஆக்சிடோசின் செலுத்த வேண்டிவருவது, வேக்யூம் அல்லது ஃபோர்செப்ஸ் கருவியின் துணை தேவைப்படுவது ஆகியவையும் எச்சரிக்கை அறிகுறிகளே.

இவற்றில் இந்தியச் சூழலில் தனிக் கவனம் பெறுவது சர்க்கரை நோய். தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அது நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்கிறது. சிசுவின் உடல் அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்க, கொழுப்பு தோளிலும் உடற்பகுதியிலும் படிகிறது. தலையின் அளவு அதே விகிதத்தில் வளர்வதில்லை. எனவே, தலை எளிதாக வந்துவிட, அதைவிட அகன்ற தோள் பின்தங்கிவிடுகிறது. ஒரே எடையுள்ள இரு குழந்தைகளை ஒப்பிட்டாலும், சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குத் தோள் சிக்கல் நேரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம்.

இதனால்தான் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை முக்கியத்துவம் பெறுகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி, கர்ப்பிணி உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர் கொடுக்கப்பட்டு, 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை அளவிடப்படுகிறது. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என முடிவு செய்யப்படும். முதல் பரிசோதனையின்போதும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் இது செய்யப்பட வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமில்லாத இந்த எளிய முறை நாடெங்கும் பரவியதில் சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் வி.சேஷையாவின் பங்கு பெரிது.

முன்கூட்டியே கணிக்க முடியாதா?

ஆபத்துக் காரணிகள் தெரிந்திருந்தும், கணிப்பு பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. தோள் சிக்கல் நேர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் 4 கிலோவுக்கும் குறைவான எடை கொண்டவர்கள். மறுபுறம், மிகப் பெரிய குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இன்றிப் பிறக்கின்றனர்.

ஸ்கேன் காட்டும் எடையும் துல்லியமானதல்ல. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதில் குறைந்தது 10 சதவீதப் பிழை இருக்கக்கூடும். அறிக்கையில் 3.8 கிலோ என்று இருந்தால், உண்மையான எடை 3.4 கிலோவாகவும் இருக்கலாம், 4.2 கிலோவாகவும் இருக்கலாம். இந்தியக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 3 கிலோவுக்கும் குறைவு என்பதால் இங்கு இந்த ஆபத்தே இல்லை என்று கருதுவதும் தவறு. சிக்கலைத் தீர்மானிப்பது எடை மட்டுமன்று. தாயின் இடுப்பளவும் தோள்கள் நுழையும் கோணமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே, ஒவ்வொரு பிரசவத்திலும் இது நேரக்கூடும் என்ற தயார்நிலையே பாதுகாப்பானது.

எப்படிக் கண்டறிவது?

வழக்கமாக, தலை வெளியே வந்ததும் குழந்தையின் முகம் தாயின் ஒரு தொடையை நோக்கித் தானாகத் திரும்பும். தோள்கள் உள்ளே சரியான நிலைக்கு வருகின்றன என்பதற்கான அடையாளம் அது.

தோள் சிக்கலில் முதல் எச்சரிக்கை அதற்கும் முன்பே தெரியலாம். முகமும் முகவாயும் வெளியே வரவே சிரமப்படும். தலை வந்த பிறகு அது திரும்பாமல் நிற்கும். வலி தணிந்ததும் தலை பின்னோக்கி இழுபட்டு, கன்னங்கள் உப்பி, தாயின் உடலோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆமை தன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதை ஒத்திருப்பதால் மருத்துவர்கள் இதை 'ஆமை அறிகுறி' என்கின்றனர்.

ஆயினும், இறுதி உறுதிப்பாடு கையால் கிடைக்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டின் நேர்க்கோட்டில், வழக்கமான பிரசவத்தில் பயன்படுத்தும் அதே மென்மையான விசையுடன் ஒருமுறை இழுத்தும் தோள் வரவில்லையெனில், அது தோள் சிக்கல். அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

தலையைக் கீழ்நோக்கி வளைத்தோ, பக்கவாட்டில் திருகியோ, வெட்டி இழுத்தோ பிரசவம் பார்க்க முயல்வது முதல் தவறு. எலும்பில் மாட்டிய தோள் அசையாமல் இருக்க, கழுத்து மட்டும் நீள்கிறது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் புய நரம்புப் பின்னல் அப்போது நீட்சி அடைகிறது. சில நேரங்களில் அறுந்தும் போகிறது. பிரசவ வலியின் உந்துவிசையாலும் இந்த நரம்புகள் பாதிக்கப்படுவது உண்டு என்பதால், ஒவ்வொரு நரம்புக் காயத்துக்கும் இழுத்தவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும், மருத்துவக் குழுவின் கட்டுப்பாட்டில் இருப்பது இழுக்கும் விசை மட்டுமே.

வயிற்றின் மேல்பகுதியில் கைவைத்துக் கீழே தள்ளுவது இரண்டாவது தவறு. பல பிரசவ அறைகளில் இன்னும் காணப்படும் இந்தப் பழக்கம், தோளைப் பூப்பெலும்பின் மீது மேலும் இறுக்குகிறது. கர்ப்பப்பை கிழியும் அபாயமும் உண்டு. இதே காரணத்தால், தாயையும் அந்த நேரத்தில் முக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கழுத்தைச் சுற்றியுள்ள தொப்புள் கொடியை அவசரப்பட்டு வெட்டுவது. தோள் வருவதற்கு முன் கொடியை வெட்டிவிட்டால், குழந்தைக்கு எஞ்சியிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் நின்றுவிடும்.

முதல் படி: உரக்க அறிவித்தல்

சிக்கலை உணர்ந்தவர் 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்று அறையில் உள்ள அனைவருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். கூடுதல் செவிலியர்கள், மூத்த மகப்பேறு மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் ஆகியோர் அழைக்கப்பட வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலை பிறந்த நேரத்தையும், அதன் பின் நடப்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தலையணையை அகற்றித் தாயை மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பைக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது படி: மெக்ராபர்ட்ஸ் நிலை

தாயின் இருபுறமும் ஒருவர் நின்று, அவரது தொடைகளை வயிற்றோடு சேரும் வரை நன்கு மடக்கிப் பிடிக்கின்றனர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்ராபர்ட்ஸின் பெயரால் இந்த நிலை அறியப்படுகிறது.

இதனால் இடுப்பெலும்பு பெரிதாகிவிடுவதில்லை. கீழ்முதுகின் வளைவு நேராகி, பூப்பெலும்பு தாயின் தலையை நோக்கி மேலே சுழல்கிறது. மாட்டியிருந்த தோளின் மேலிருந்து எலும்பே விலகிக்கொள்கிறது எனலாம். எந்தக் கருவியும் தேவையில்லாத, தீங்கு மிகக் குறைந்த இந்த ஒரு செயலே பெரும்பாலான தோள் சிக்கல்களைத் தீர்த்துவிடுகிறது. சில ஆய்வுகளில் வெற்றி விகிதம் 90 சதவீதம் வரை பதிவாகியுள்ளது. நிலைக்குக் கொண்டுவந்ததும், மீண்டும் அதே மென்மையான, நேர்க்கோட்டு விசையால் தோள் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது படி: பூப்பெலும்புக்கு மேல் அழுத்தம்

தாய் மெக்ராபர்ட்ஸ் நிலையில் இருக்கும்போதே, உதவியாளர் ஒருவர் பூப்பெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துகிறார். முன்னர் சொன்ன வயிற்றின் மேல்பகுதி அழுத்தமும் இதுவும் வேறு வேறு. அங்கே விசை முழுக் குழந்தையையும் கீழே தள்ளுகிறது. இங்கே விசை முன்பக்கத் தோளை மட்டும் நகர்த்துகிறது.

எந்தப் பக்கத்திலிருந்து அழுத்துவது என்பதில்தான் பிழை நேர்கிறது. குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் உள்ளதோ, அந்தப் பக்கத்தில் நின்று, கீழ்நோக்கியும் குழந்தையின் முகம் உள்ள பக்கம் நோக்கியும் அழுத்த வேண்டும். அப்போது தோள் மார்பை நோக்கி ஒடுங்கி, தோள்களின் மொத்த அகலம் குறைகிறது. அதோடு சாய்வு அளவுக்கும் திரும்புகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தினால் தோள் விரியும். சுமார் 30 விநாடிகள் தொடர்ந்தோ, விட்டுவிட்டோ அழுத்திய பின் பலன் இல்லையெனில் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது படி: கையை உள்ளே செலுத்துதல்

முன்பக்கம் எலும்பு இறுக்கியிருப்பதால் அங்கே கை நுழைய இடமில்லை. இடம் இருப்பது பின்பக்கத்தில், முதுகுத்தண்டின் கீழ்முனை எலும்பின் குழிவில். இறுக்கமான வளையல் அணியும்போது விரல்களையும் கட்டைவிரலையும் குவித்துக்கொள்வதுபோலக் கையைக் குவித்து, முழுக் கையையும் பின்பக்கமாக உள்ளே செலுத்த வேண்டும். இரண்டு விரல்களை மட்டும் நுழைத்துத் தடுமாறுவது, பயிற்சிகளில் அடிக்கடி காணப்படும் தவறு.

கை உள்ளே சென்றதும் இரு வழிகள் உள்ளன. முதலாவது, பின்பக்கக் கையை வெளியே எடுப்பது. குழந்தையின் முழங்கை மடங்கியிருந்தால், மணிக்கட்டைப் பிடித்து, மார்பின் குறுக்கே மெதுவாக வழித்து வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு கை வெளியே வந்துவிட்டால், அதன் அளவுக்குத் தோள்களின் அகலம் குறைந்து, முன்பக்கத் தோள் விடுபடும். மேற்கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு முறியக்கூடும். அத்தகைய முறிவு பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடும்.

இரண்டாவது வழி, தோள்களை உள்ளேயே சுழற்றுவது. பின்பக்கத் தோளின் முன்புறத்திலோ பின்புறத்திலோ விரல்களால் அழுத்தி, தோள்களைச் சாய்வு அளவுக்குத் திருப்ப வேண்டும். அமெரிக்க மருத்துவர் வுட்ஸ் 1943-ல் இதைத் திருகாணி சுழல்வதோடு ஒப்பிட்டு விளக்கினார். இரு வழிகளில் எது முதலில் என்பதைக் கை உணரும் நிலையே தீர்மானிக்கிறது. முழங்கை எளிதில் எட்டினால் கையை எடுப்பது, எட்டாவிட்டால் சுழற்றுவது.

பிறப்புறுப்பின் விளிம்பை வெட்டி அகலப்படுத்தும் 'எபிசியோடமி' இந்த இடத்தில்தான் பொருத்தம் பெறுகிறது. அது எலும்புத் தடையை நீக்காது. கை நுழையப் போதிய இடம் இல்லாதபோது மட்டும் உதவும்.

தவழும் நிலையும் இறுதி வழிகளும்

தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திருப்புவது மற்றொரு முறை. அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கின் இதைப் பரவலாக்கினார். நகரக்கூடிய நிலையில் உள்ள தாய்க்கும், உதவிக்கு ஒருவரே இருக்கும் சிறிய பிரசவ மையங்களுக்கும் இது ஏற்றது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்ட தாய்க்குக் கடினம். பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல், கையை உள்ளே செலுத்துவதா, தாயைத் தவழும் நிலைக்குத் திருப்புவதா என்பதைச் சூழலுக்கேற்ப மருத்துவக் குழுவே முடிவு செய்யலாம் என்கிறது.

இவை அனைத்தும் பலனளிக்காத மிக அரிய நிலையில், தலையை மீண்டும் உள்ளே செலுத்தி அறுவைச் சிகிச்சை செய்வது, பூப்பெலும்பு இணைப்பை வெட்டுவது போன்ற கடைசி வழிகள் உள்ளன. தாய்க்கும் குழந்தைக்கும் பெரும் ஆபத்து உள்ளவை என்பதால், மூத்த மருத்துவரின் முடிவாகவே அவை அமையும்.

ஓர் எடுத்துக்காட்டு: 3 நிமிடம் 20 விநாடி

இந்தப் படிகள் எவ்வாறு இணைகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இப்படியொரு பிரசவம் நடப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். தாய்க்கு வயது 29, இரண்டாவது பிரசவம், கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்கேன் கணிப்பு 3.6 கிலோ.

இரவு 8.14 மணிக்குத் தலை பிறக்கிறது. முகம் தாயின் வலத் தொடை பக்கம் பாதி திரும்பி நின்று, தலை பின்னுக்கு இழுபடுகிறது. செவிலியர் ஒருமுறை மென்மையாக இழுத்துப் பார்க்கிறார், தோள் அசையவில்லை. 40-வது விநாடியில் அவர் சிக்கலை அறிவிக்கிறார். அழைப்பு மணி ஒலிக்க, ஒருவர் நேரம் குறிக்கத் தொடங்குகிறார்.

1 நிமிடம் 10 விநாடி ஆகும்போது தாய் மெக்ராபர்ட்ஸ் நிலையில் இருக்கிறார். மீண்டும் இழுத்துப் பார்த்தும் பலனில்லை. குழந்தையின் முகம் தாயின் வலப்பக்கம் என்பதால் முதுகு இடப்பக்கம். எனவே, உதவியாளர் தாயின் இடப்பக்கம் நின்று, வலப்பக்கம் நோக்கிப் பூப்பெலும்புக்கு மேல் 30 விநாடிகள் அழுத்துகிறார். அப்போதும் தோள் விடுபடவில்லை. 2 நிமிடம் 20 விநாடியில், அங்கு வந்துசேர்ந்த மருத்துவர் கையைக் குவித்துப் பின்பக்கமாகச் செலுத்துகிறார். பின்பக்கம் இருப்பது குழந்தையின் இடக் கை. முழங்கை மடங்கியிருக்கிறது, மணிக்கட்டு பிடிபடுகிறது. மார்பின் குறுக்கே வழித்துக் கையை வெளியே எடுத்ததும் முன்பக்கத் தோள் தளர்கிறது. 3 நிமிடம் 20 விநாடியில் குழந்தை முழுமையாகப் பிறக்கிறது.

எடை 3.9 கிலோ. முதலில் தளர்ந்து கிடக்கும் குழந்தை, முகமூடிப் பை மூலம் சிறிது நேரம் காற்று செலுத்தப்பட்டதும் அழுகிறது. இங்கே ஒவ்வொரு படியும் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரையே எடுத்துக்கொண்டது. பலிக்காத படியில் கூடுதல் பலம் செலுத்தாமல் அடுத்ததற்கு நகர்ந்ததே நேரத்தை மிச்சப்படுத்தியது.

குழந்தை பிறந்த பிறகு

தாய்க்கு அதிக ரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். ஆசனவாய்த் தசை வரை கிழிசல் ஏற்படும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். இரண்டையும் உடனே சோதிக்க வேண்டும்.

குழந்தையின் இரு கைகளும் சமமாக அசைகின்றனவா, காறை எலும்பில் முறிவு உள்ளதா என்று குழந்தைகள் நல மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு கை மட்டும் உடலோடு ஒட்டித் தொங்கி, உட்புறம் திரும்பி, மணிக்கட்டு மடங்கியிருந்தால் புய நரம்புப் பின்னல் பாதிக்கப்பட்டிருக்கலாம். தோள் சிக்கலுக்கு உள்ளான குழந்தைகளில் 2 முதல் 16 சதவீதம் பேருக்கு இது ஏற்படுகிறது. அவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே நிரந்தரக் குறைபாடு எஞ்சுகிறது. 3 மாதங்களில் முழங்கையை மடக்கும் வலு திரும்பாவிட்டால், நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணரின் கருத்தைப் பெறுவது வழக்கம்.

தலை பிறந்த நேரம், உடல் பிறந்த நேரம், முன்பக்கம் இருந்தது எந்தத் தோள், எந்தப் படி எந்த வரிசையில் செய்யப்பட்டது ஆகியவை குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். பாதிக்கப்பட்டது முன்பக்கக் கையா, பின்பக்கக் கையா என்பதைப் பின்னர் அறிய இந்தக் குறிப்பு மட்டுமே உதவும்.

எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தீர்வாகுமா?

குழந்தை பெரிதாகத் தெரிந்தாலே அறுவைச் சிகிச்சை செய்துவிடலாமே என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் 1996-ல் வெளியான கணக்கீடு ஒன்று இதற்கு விடை தருகிறது. சர்க்கரை நோய் இல்லாத தாய்மார்களில், 4.5 கிலோவைத் தாண்டும் என்று ஸ்கேனில் கணிக்கப்படும் குழந்தைகளுக்கெல்லாம் அறுவைச் சிகிச்சை செய்தால், ஒரே ஒரு நிரந்தர நரம்புக் காயத்தைத் தடுக்க 3,695 அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படும். சர்க்கரை நோயுள்ள தாய்மார்களில் அந்த எண்ணிக்கை 443. ஆகவேதான், சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை 4.5 கிலோவைத் தாண்டும் எனக் கணிக்கப்பட்டால் அறுவைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டன், அமெரிக்க வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

முடிவு எதுவாயினும், ஆபத்தைத் தாய்க்குச் சொல்ல வேண்டும் என்பதை 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் உறுதிசெய்தது. சர்க்கரை நோயுள்ள தாய் ஒருவருக்குத் தோள் சிக்கல் நேரும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தும், அது அவருக்குச் சொல்லப்படவில்லை. 1999-ல் நடந்த அந்தப் பிரசவத்தில் தலை வெளித்தெரிந்த பின் குழந்தை பிறக்க 12 நிமிடங்கள் ஆயின. குழந்தை மூளை முடக்குவாதத்துக்கு ஆளானது. நியாயமான எந்தத் தாயும் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்தை மருத்துவர் மறைக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது.

பயிற்சியால் என்ன மாறுகிறது?

கணிக்க முடியாத ஆபத்தில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியது, பொம்மை மாதிரிகளைக் கொண்டு குழுவாகச் செய்யும் பயிற்சி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில், பிரசவ அறை ஊழியர்கள் அனைவருக்கும் இந்தப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சிக்கு முன் தோள் சிக்கலில் காயமடைந்த குழந்தைகள் 9.3 சதவீதம்; பயிற்சிக்குப் பின் 2.3 சதவீதம் என்று 2008-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தோள் சிக்கல் நேர்வது நின்றுவிடவில்லை. நேர்ந்தபோது கைகள் செய்ததுதான் மாறியது.

இந்தியாவில் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைத் தரத்தை உயர்த்த 'லக்ஷ்யா' திட்டம் 2017-ல் தொடங்கப்பட்டது. மருத்துவச்சிப் பணிக்கெனச் செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்கும் முன்முயற்சி 2018-ல் அறிவிக்கப்பட்டது. இரவு நேரப் பிரசவத்தில் முதலில் அருகில் இருப்பவர் பெரும்பாலும் செவிலியரே என்பதால், முதல் மூன்று படிகளை அவர் கைகள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

அடுத்த கர்ப்பத்தின்போது

ஒருமுறை தோள் சிக்கலுக்கு உள்ளான தாய்க்கு, அடுத்த பிரசவத்தில் அது மீண்டும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம். ஆனால் பல தாய்மார்களிடம் 'கடினமான பிரசவம்' என்ற சொல் மட்டுமே எஞ்சியிருக்கும். என்ன நடந்தது என்ற விவரம் இருக்காது. வீடு திரும்பும்போது வழங்கப்படும் அறிக்கையில் 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்ற குறிப்பும், குழந்தையின் எடையும், செய்யப்பட்ட படிகளும் எழுதப்பட்டுள்ளனவா என்பதைக் குடும்பத்தினர் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்த கர்ப்பம் உறுதியானவுடன் அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்டினால், சர்க்கரைப் பரிசோதனை, பிரசவ முறை, மூத்த மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையைத் தேர்வு செய்வது ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்ய இயலும்.